வழவழப்பான பைப்பில் காணாமல் போகும் 26 மீட்டர்

கொங்குப் பக்கத்தில் கிணறு ஓரிடத்திலும் பாசனம் வேண்டிய காடு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் இருப்பது புதிதல்ல. நடுவே மண்ணுக்குள் பிவிசி பைப் ஓடும். பைப் பதித்த பிறகு தொட்டியில் விழும் தண்ணீர் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால், உடனே ஆளுக்கொரு காரணம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அவற்றில் பல தலைமுறையாகச் சொல்லப்படுபவை, பாதிக்குமேல் தவறானவை. ஒரே ஒரு பைப்பை எடுத்துக்கொண்டு அந்த நம்பிக்கைகளைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நம் பைப்பின் விவரம் இது. நீளம் 1000 மீட்டர். பைப்பில் அச்சடித்திருப்பது 75 மில்லிமீட்டர், 6 கிலோ அழுத்தம். கிணற்றின் நீர்மட்டத்திலிருந்து தரைக்கு 8 மீட்டர், தரையிலிருந்து தொட்டி வாய்க்கு 12 மீட்டர், ஆக மொத்த ஏற்றம் 20 மீட்டர். தேவை விநாடிக்கு 5 லிட்டர், அதாவது மணிக்கு 18,000 லிட்டர்.

நம்பிக்கை: "பிவிசி உள்ளே கண்ணாடி மாதிரி வழவழப்பு. உராய்வெல்லாம் பழைய இரும்புக் குழாய்க்குத்தான்."

தண்ணீர்க் குழாய்களுக்கு உலகமெங்கும் பயன்படும் சூத்திரம் ஒன்று உண்டு. ஆலன் ஹேசன், கார்ட்னர் வில்லியம்ஸ் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கியது.

```
hf = 10.67 × L × Q^1.852 / (C^1.852 × D^4.87)
```

`hf` என்பது உராய்வில் இழக்கும் உயரம், மீட்டரில். `L` நீளம், அதுவும் மீட்டரில். `Q` விநாடிக்கு ஓடும் கன மீட்டர், நம் 5 லிட்டரை 0.005 என்று போட வேண்டும். `D` குழாயின் உள்விட்டம், மீட்டரில். `C` என்பது வழவழப்புக்கான எண். பிவிசிக்கு 140 முதல் 150 வரை போடுவார்கள், பல ஆண்டு ஓடி உள்ளே துரு ஏறிய இரும்புக்கு 100 அல்லது அதற்கும் கீழே. அடுக்குகள் தசமத்தில் இருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். கைபேசியில் இருக்கும் கால்குலேட்டரைப் படுக்கவைத்தால் அடுக்குப் போடும் பொத்தான் வந்துவிடும்.

6 கிலோ ரகத்தில் 75 மில்லிமீட்டர் பைப்பின் உள்விட்டம் சுமார் 70 மில்லிமீட்டர். `C`-க்குக் கொஞ்சம் எச்சரிக்கையாக 140 போட்டால் விடை 26 மீட்டர் வருகிறது. தண்ணீரை 20 மீட்டர் மேலே ஏற்றுவதற்கு ஆகும் வேலையைவிட, அதை அந்தக் குழாய்க்குள் கடத்திக் கொண்டுபோக ஆகும் வேலை அதிகம். வழி முழுக்க மட்டமான நிலமாக இருந்தாலும் இந்த 26 மீட்டர் குறையாது. மோட்டாருக்கு அது எட்டு மாடிக் கட்டடத்தின் உச்சிக்குத் தண்ணீர் ஏற்றுவதற்குச் சமம்.

இனி வழவழப்புக்கு வருவோம். 140-க்குப் பதில் புத்தம்புதுப் பைப் என்று 150 போட்டாலும் இழப்பு 23 மீட்டருக்குத்தான் இறங்கும். அதே உள்விட்டமுள்ள பழைய இரும்புக் குழாயாக இருந்து 100 போட்டால் 49 மீட்டர் ஆகிவிடும். ஆக, பிவிசி இரும்பைவிட நல்லதுதான், ஆனால் உராய்வே இல்லாதது அல்ல. தண்ணீர் வேகமாக ஓடும்போது அதற்குள்ளேயே சுழல்கள் உருவாகி ஒன்றோடொன்று மோதிச் சக்தியைத் தின்கின்றன. சுவர் எவ்வளவு வழுக்கினாலும் இது நிற்காது.

நம்பிக்கை: "ரெண்டரை இஞ்சு பைப்னா ரெண்டரை இஞ்சுதான்."

சூத்திரத்தில் விட்டத்தின் தலைமேல் 4.87 என்ற அடுக்கு உட்கார்ந்திருக்கிறது. மற்ற எல்லா எண்ணையும்விட இதுதான் முக்கியம். நீளம் இரட்டித்தால் இழப்பும் இரட்டிக்கும், அவ்வளவுதான். ஓட்டம் இரட்டித்தால் இழப்பு மூன்றரை மடங்குக்குச் சற்று மேல். ஆனால் உள்விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே இழப்பு மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடுகிறது. அதனால் விட்டத்தில் செய்யும் சின்னத் தப்பு விடையைக் கண்டபடி புரட்டிப்போடும்.

கடையில் "ரெண்டரை இஞ்சு" என்று கேட்டால் தருவது 75 மில்லிமீட்டர் பைப். அந்த 75 வெளிவிட்டம். அதையே உள்விட்டம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் இழப்பு 19 மீட்டர் என்று வரும். சரி, இஞ்சை நம்புவோம் என்று இரண்டரையை மில்லிமீட்டராக்கி 63.5 போட்டால் 42 மீட்டர் வரும். சரியான விடை 26. ஒரே பைப், ஒரே தண்ணீர், மூன்று விடைகள். முதல் விடையை நம்பி வாங்கிய மோட்டார் திணறும். இரண்டாவதை நம்பினால் தேவைக்கு மீறிய மோட்டாருக்குப் பணம் போகும்.

உள்விட்டம் தெரிய ஒரே வழி, வெளிவிட்டத்திலிருந்து சுவர்க் கனத்தை இருமுறை கழிப்பது. அழுத்த ரகம் கூடக்கூடச் சுவர் தடிக்கும். வெளிவிட்டம் மாறாததால் அந்தத் தடிப்பு முழுவதும் உள்ளேதான் வளர்கிறது. "10 கிலோ பைப் போட்டால் தண்ணீர் நல்லா வரும்" என்று ஆலோசனை சொல்பவர்களுக்கு இது தெரிவதில்லை. அந்தப் பைப் வெடிக்காது என்பது உண்மை, ஆனால் தண்ணீருக்கான வழி குறுகலாகத்தான் இருக்கும்.

நம்பிக்கை: "ஒரு பெரிய பைப்புக்குப் பதில் ரெண்டு சின்ன பைப் போட்டாலும் ஒண்ணுதான்."

வாயின் பரப்பளவை வைத்துச் சொல்லும் வாதம் இது. 63 மில்லிமீட்டர் பைப்பின் உள்விட்டம் ஏறக்குறைய 58.6. அப்படி இரண்டின் பரப்பும் ஒரு 90 மில்லிமீட்டர் பைப்பின் பரப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் 5 லிட்டரை இரண்டாகப் பிரித்து ஓடவிட்டால் இழப்பு 17 மீட்டர், ஒற்றை 90 மில்லிமீட்டரில் 11 மீட்டருக்கும் குறைவு. இரண்டு குழாயில் தண்ணீர் உரசிப்போக வேண்டிய சுவர் அதிகம்.

நம்பிக்கை: "தண்ணி பத்தலைன்னா மோட்டாரை மாத்து."

அதிகப் பணத்தை விழுங்கும் நம்பிக்கை இதுதான். விநாடிக்கு 5 லிட்டர் கிடைக்கும் இடத்தில் 7 லிட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பைப்பைத் தொடாமல் மோட்டாரை மட்டும் மாற்றினால், உராய்வு 26 மீட்டரிலிருந்து 49-ஆக ஏறும். ஏற்றம் 20-ஐச் சேர்த்தால் மொத்தம் 69 மீட்டர். பம்பின் திறன் பாதி என்று எடுத்துக்கொண்டால், முன்பு சுமார் 6 குதிரைத்திறன் போதுமாக இருந்தது, இப்போது 12-ஐத் தாண்டும். நாற்பது சதவீதத் தண்ணீர் கூடுதலாக வர, மோட்டார் இரண்டு மடங்கு ஆக வேண்டியிருக்கிறது.

மோட்டாரை விட்டுவிட்டு 90 மில்லிமீட்டர் பைப்புக்குப் போனால் உராய்வு 7 லிட்டருக்கும் 20 மீட்டர்தான். மொத்தம் 40 மீட்டர். ஏழரைக் குதிரைத்திறனுக்குள் காரியம் முடிகிறது. புதைத்த பைப்பைத் தோண்டி மாற்றுவது பெரிய செலவு என்பது எனக்கும் தெரியும், அதனால்தான் இந்தக் கணக்கு பள்ளம் தோண்டுவதற்கு முன்பே போட வேண்டிய கணக்கு. தமிழ்நாட்டில் விவசாய மோட்டாருக்கு மின்கட்டணம் இல்லாததால் உராய்வு எந்த ரசீதிலும் எழுதப்படுவதில்லை. மோட்டார் ஓடும் மணிக்கணக்கில்தான் அது தெரியும்.

பைப் ஏற்கெனவே மண்ணுக்குள் போய்விட்டதா? அதில் ஒரு பாதியை மட்டும் 90 ஆக்கினாலும் 5 லிட்டர் ஓட்டத்தில் இழப்பு 26-லிருந்து 18 மீட்டருக்கு வரும். பெரிய பைப்பை மோட்டார் பக்கம்தான் போட வேண்டும் என்பார்கள். கிளை இல்லாத ஒற்றை வரிசையில் எந்தப் பாதி என்பது மொத்த உராய்வைப் பாதிக்காது. தோண்ட எளிதான பாதியில் போட்டுக்கொள்ளலாம்.

நம்பிக்கை: "எல்போ ஜாஸ்தியா இருக்கு, அதான் பிரஷர் போயிடுச்சு."

வீட்டுக்குள் ஓடும் குட்டைக் குழாய்க்கு இது பொருந்தும். கிலோமீட்டர் கணக்கில் ஓடும் பைப்புக்குப் பொருந்தாது. நம் பைப்பில் தண்ணீரின் வேகம் விநாடிக்கு 1.3 மீட்டர். அந்த வேகத்தில் பத்து எல்போ சேர்ந்தாலும் ஒரு மீட்டர் உயரத்தைக்கூடத் தின்னாது.

எல்போவைத் தேடுவதைவிட அளந்து பார்ப்பது மேல். கிணற்றுமேட்டில் நான்-ரிட்டர்ன் வால்வுக்கு அடுத்து, காட்டுப் பக்கமாக ஒரு பிரஷர் கேஜ் பொருத்துங்கள். மோட்டார் ஓடும்போது ஒரு அளவு எடுங்கள். நிறுத்தியதும், பைப் நிறைந்திருக்கும்போதே இன்னொரு அளவு எடுங்கள். நின்ற பின் காட்டுவது தரைக்கு மேலுள்ள ஏற்றம் மட்டும், நம் பைப்பில் 12 மீட்டர், கேஜில் 1.2 கிலோ. ஓடும்போது 3.8 காட்டினால் வித்தியாசம் 2.6. ஒரு கிலோவுக்கு 10 மீட்டர் என்பதால் உராய்வு 26 மீட்டர், கணக்கும் பைப்பும் ஒத்துப்போகின்றன. நிறுத்தியதும் முள் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் வால்வு கசிகிறது, அல்லது வழியில் பைப் கசிகிறது, அந்த அளவை நம்ப முடியாது. பைப் வழியில் தொட்டி வாயைவிட உயரமான மேடு இருந்தாலும் இந்த முறை தவறாகக் காட்டும்.

ஓட்டத்தை அளக்க 200 லிட்டர் டிரம் போதும். தொட்டி வாயில் அது 40 விநாடியில் நிறைந்தால் 5 லிட்டர் வருகிறது என்று பொருள். அளந்த ஓட்டத்தைச் சூத்திரத்தில் போட்டு வருவது 26, ஆனால் கேஜ் 40 மீட்டர் வித்தியாசம் காட்டுகிறதா? அப்போது மோட்டார் குற்றவாளி அல்ல. பாதி திறந்த கேட் வால்வையும், மேட்டுப் பகுதியில் சிக்கிய காற்றையும், உள்ளே விழுந்த கல்லையும் தேட வேண்டும். மேடு இருக்கும் இடங்களில் ஏர் வால்வு வைக்காமல் விட்டிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காற்றைத்தான்.

இந்தச் சூத்திரம் சாதாரண வெப்பத்தில் இருக்கும் தண்ணீருக்கு மட்டும். சாணக் கரைசலுக்கும் எண்ணெய்க்கும் செல்லாது. சொட்டுநீர்ப் பாசனத்தின் மெல்லிய குழாய்களுக்கு டார்சி–வைஸ்பாக் சூத்திரம்தான் சரிப்படும்.

புதுப் பைப் பதித்த அன்றே கேஜின் இரண்டு அளவுகளையும், டிரம் நிறைந்த நேரத்தையும் மோட்டார் பெட்டியின் கதவுக்கு உள்புறம் எழுதிவையுங்கள். பின்னொரு நாள் தண்ணீர் குறைந்தால், எது மாறியிருக்கிறது என்று அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.