மேற்கோள் வாக்கியத்தோடு ஒட்ட வேண்டுமானால்

இலக்கியக் கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தால் ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வரும். முதலில் ஒரு கருத்து, அடுத்து மேற்கோள், அதன் பின் ‘இதன் மூலம் அறிய முடிகிறது’. எடுத்துக்காட்டுக்கு நானே ஒரு சிறுகதை வரியை எழுதிக்கொள்கிறேன். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போன மகன் மூன்று ஆண்டுகளாகத் திரும்பவில்லை. தாய் மகளிடம் சொல்கிறாள்: “வாசக்கதவப் பூட்டாத, அவன் ராத்திரி பசியோட வருவான்.” மாணவர் இப்படி எழுதுவார்:

இக்கதையில் தாய்ப்பாசம் வெளிப்படுகிறது. “வாசக்கதவப் பூட்டாத, அவன் ராத்திரி பசியோட வருவான்” என்று தாய் கூறுகிறாள். (ப. 14) இதன் மூலம் தாயின் பாசத்தை அறிய முடிகிறது.

இங்கே முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் ஒன்றையே சொல்கின்றன. நடுவில் நிற்கும் மேற்கோளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வாசிப்பு தடைபடுவதற்குக் காரணம் நடை மட்டுமல்ல. அந்த வரியில் எந்தச் சொல் தமக்கு வேண்டும் என்பதை மாணவர் முடிவு செய்யவில்லை. ஆகவே முதல் வேலை, வரியில் அடிக்கோடிடுவது. கதவு, ராத்திரி, பசி ஆகிய மூன்றில் பசிதான் புதிது. மூன்று ஆண்டு பிரிவை ஒருவேளைச் சோறாகச் சுருக்குகிறாள் அவள். அதைப் பிடித்துக்கொண்டால் வாக்கியம் வேறு மாதிரி வரும்:

சண்டை போட்டுக்கொண்டு போன மகன் மூன்றாண்டு கழித்தும் “பசியோட வருவான்” என்று நம்பிக் கதவைத் திறந்தே வைக்கும் தாய்க்கு, அந்தச் சண்டை நினைவில் இல்லை, அவன் வயிறுதான் நினைவில் இருக்கிறது (ப. 14).

ஆறு சொற்கள் கொண்ட வரியிலிருந்து இரண்டே சொற்களை எடுத்தோம். மீதியை நம் சொற்களில் சொல்லிவிட்டோம். மேற்கோள்குறிகளை விரலால் மறைத்துப் படித்துப் பாருங்கள். வாக்கியம் எழுவாயில் தொடங்கிப் பயனிலை வரை ஓடினால் மேற்கோள் ஒட்டிவிட்டது.

தமிழில் வினை கடைசியில் வருவதால் மேற்கோள் அதற்கு முன்னால் வந்துவிடும். ஐந்து வரி மேற்கோளைக் கொடுத்துவிட்டுக் கடைசியில் ‘என்று தாய் கூறுகிறாள்’ என முடித்தால், பேசுவது யார் என்று தெரியாமலே வாசகர் அத்தனையையும் படித்திருப்பார். பேசுபவரையும் சூழலையும் முன்னால் வையுங்கள். ‘கூறுகிறாள்’ என்பதற்குப் பதிலாக நம்புகிறாள், கெஞ்சுகிறாள், மழுப்புகிறாள் என்று எழுதினால் பாதி விளக்கம் அந்த வினையிலேயே முடிந்துவிடும். மேற்கோளை ஒரு பெயரோடு இணைக்க ‘என்ற’ போதும்: “பசியோட வருவான்” என்ற நம்பிக்கை. வேற்றுமை உருபு தேவைப்பட்டால் மேற்கோளின் வாலில் நேரே ஒட்டாதீர்கள். ‘என்பதில்’, ‘என்பதை’ என்று நடுவில் ஒன்றை வைத்து எழுதுங்கள். பேச்சுவழக்கைத் திருத்தி ‘பசியோடு’ ஆக்குவது கூடவே கூடாது. குறிகளுக்குள் இருப்பது ஆசிரியருடையது.

சங்கப் பாடல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. குறுந்தொகை 25ஆம் பாடலை எழுதியவர் கபிலர். அதில் பேசுபவள் தலைவி, கேட்பவள் தோழி. தலைவன் மணம் செய்யக் காலம் தாழ்த்துகிறான், தங்கள் உறவுக்குச் சாட்சியாக இருந்ததோ ஒரு குருகு மட்டும். ‘அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் எனக் கபிலர் கலங்குகிறார்’ என்று எழுதிய விடைத்தாள்கள் உண்டு. பாவம் கபிலர்! ‘சாட்சியாக ஒரு குருகை மட்டுமே காட்ட முடிகிற தலைவி, தோழியிடம்...’ என்று தொடங்கிப் பாடலின் ஓரிரு சீர்களைக் கொண்டுவந்தால், கூற்று, சூழல், மேற்கோள் மூன்றும் ஒரே வாக்கியத்தில் அமையும். புலவர் பெயரைப் பாடலின் அமைப்பைப் பேசும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்: கபிலர் குருகை இறுதி அடி வரை ஒளித்துவைக்கிறார்.

எடுக்கும் பகுதி இரண்டு அடிகளில் விழுந்தால் அடி முறியும் இடத்தில் சாய்கோடு இடுங்கள். முழுப் பாடலும் தேவை என்றால் வாக்கியத்துக்குள் திணிக்காமல் தனிப் பத்தியாக உள்தள்ளி அமையுங்கள். அப்போது மேற்கோள்குறி வேண்டாம்.

அடைப்புக்குறிச் சான்று மேற்கோளுக்கும் ‘என்று’வுக்கும் நடுவே நுழைந்தால் ஓட்டம் அறுந்துவிடும். வாக்கியத்தின் கடைசியில், முற்றுப்புள்ளிக்கு முன்னால் வையுங்கள்: (குறுந். 25:4-5). ஒரு பத்தி முழுவதும் அதே பாடலைப் பேசினால் பாடல் எண்ணை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, பிறகு அடி எண் மட்டும் தரலாம். உங்கள் துறைக்கோ இதழுக்கோ வேறு முறை இருந்தால் அதுவே முடிவு; எழுதத் தொடங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.