வேர் நுனியைக் காப்பாற்றும்: ஓர் இளம் பல் வைத்தியருக்கு

அன்புள்ள தம்பிக்கு,

குருநகர் இறங்குதுறையில் வள்ளத்தின் விளிம்பில் முகம் அடிபட்ட அந்த ஒன்பது வயதுப் பையனைப் பற்றி நீர் எழுதியதையும், அனுப்பிய எக்ஸ்றேயையும் பார்த்தேன். மேல்வரிசை முன்பல். ஈறில் சீழ்க்கொப்புளம், வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பு நிழல், குளிர் வைத்தால் உணர்வில்லை. இத்தனையும் சேர்ந்திருப்பதால் நரம்பு செத்துவிட்டது என்பதில் சந்தேகமில்லை. உணர்வில்லை என்பது மட்டுமாக இருந்திருந்தால் பொறுத்திருக்கச் சொல்லியிருப்பேன். அடிபட்ட இளம்பல் மாதக்கணக்கில் மரத்துக் கிடந்து பிறகு தானே உயிர்த்துக்கொள்வதுண்டு.

வேர்ச்சுவர் மெல்லிது, நுனி அகலத் திறந்திருக்கிறது. வழமையான வேர்ச்சிகிச்சையில் நிரப்புபொருள் நிற்க அங்கே அடைப்பில்லை. கல்சியம் ஐதரொட்சைட்டை மாதக்கணக்கில் வைத்து நுனியை மூடுவது பழைய வழி. அப்படி வைத்த பற்கள் பல பிறகு கழுத்தோடு முறிந்தன. 2001 இல் ஜப்பானில் இவாயா குழுவினரும், 2004 இல் பாங்க்ஸும் ட்ரோப்பும், சீழ் பிடித்த இளம்பல்லில் வேர் மேலும் வளர்ந்ததை எக்ஸ்றேயில் காட்டினார்கள். அவர்கள் நம்பியது நுனிக்கு அப்பால் உயிரோடிருக்கும் இழையத்தை. அங்குள்ள மூலவுயிரணுக்களைக் கொல்லாமல் கிருமியை மட்டும் கொல்ல வேண்டும். நீர் செய்யும் ஒவ்வொன்றையும் இதை வைத்தே எடைபோடும்.

முதல் தவணையில் ரப்பர் டாம் கட்டித் திறந்த பின் சுவரைச் சுரண்ட வேண்டாம். இருப்பதே மெல்லிய சுவர். கழுவுவதுதான் வேலை. 1.5 வீத சோடியம் ஐப்போகுளோரைற்று, 20 மில்லிலீற்றர், ஐந்து நிமிடம். உம்மிடம் இருப்பது 3 வீதப் போத்தல் என்றால் அதே அளவு காய்ச்சி வடித்த நீர் சேர்த்தால் போதும். முழுச் செறிவில் விட்டால் நுனியின் உயிரணுக்கள் பிழைக்காது. பக்கத்துளை ஊசியின் முனை வேர் நுனிக்கு ஒரு மில்லிமீற்றர் உள்ளே நிற்கட்டும், மெதுவாகத் தள்ளும். திறந்த நுனியால் மருந்து வெளியே பாய்ந்தால் பிள்ளை வலியில் துடிக்கும், முகம் வீங்கும். பிறகு சேலைனால் கழுவி, கல்சியம் ஐதரொட்சைட்டை வைத்து மூடிவிடும். மினோசைக்கிளின் கலந்த மருந்து முன்பல்லைக் கறுப்பாக்கிவிடும், அது வேண்டாம்.

நாலு வாரம் கழித்துக் கொப்புளம் வற்றியிருந்தால்தான் அடுத்த படி. வற்றாவிட்டால் மீண்டும் கழுவி மருந்து வையும்.

இரண்டாம் தவணையில் விறைப்பூசி அட்ரினலின் இல்லாததாக, 3 வீத மெபிவகேயின் போன்றதாக இருக்க வேண்டும். அட்ரினலின் இருந்தால் இரத்தக்குழாய் சுருங்கி இரத்தம் வராது. பலர் தடுமாறுவது இங்கேதான். 17 வீத ஈ.டி.ரி.ஏ. 20 மில்லிலீற்றரால் கழுவும். டென்ரினுக்குள் புதைந்திருக்கும் வளர்ச்சிக் காரணிகளை அது வெளிக்கொணரும். காகித முனைகளால் ஈரத்தை எடுத்த பின், நுனி வளைத்த கே-ஃபைலை வேர் நுனிக்கு 2 மில்லிமீற்றர் அப்பால் செலுத்திச் சுழற்றும். இரத்தம் ஏறிப் பல்லின் கழுத்துக்குச் சற்றுக் கீழே வரவேண்டும். உறையக் காத்திரும். உறைந்ததன்மேல் கொலாஜன் துண்டு, அதன்மேல் பயோடென்ரின் 3 மில்லிமீற்றர், பிறகு கிளாஸ் அயனோமர், கொம்பசிற். சாம்பல்நிற எம்.ரி.ஏ. பல்லின் நிறத்தைக் கெடுக்கும். இரத்தமே வராவிட்டால் பிடிவாதம் வேண்டாம். அன்றே எம்.ரி.ஏ. அல்லது பயோடென்ரினால் நுனியை அடைத்துவிடலாம், அதுவும் நல்ல சிகிச்சையே.

உறைந்த இரத்தத்துக்குள் இழையம் வளர்ந்து, பிறகு சுவர் தடிக்கும். ஆனால் இப்படிச் சிகிச்சை செய்த பற்களை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது உள்ளே தெரிந்தது பெரும்பாலும் சீமெந்து போன்றதும் எலும்பு போன்றதுமான இழையம். அது பழைய பற்கூழ் அல்ல. “நரம்பு திரும்பி வருமா?” என்று தாய் கேட்டால் வரும் என்று சொல்லிவிடாதீர். புதிய இழையம் வளர்வது பயோடென்ரினுக்குக் கீழேதான். பல் முறிகிற கழுத்துப்பகுதி தடிக்காது. ஆகவே பயோடென்ரினை ஆழத்தில் இறக்கிவிட்டால் மெல்லிய இடம் இன்னும் நீளும். பந்தடிக்கும் பிள்ளையென்றால் வாய்க்காப்பு வாங்கச் சொல்லும்.

மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களிலும், பிறகு வருடத்துக்கொரு முறையும் பாரும். தவணைகளைப் பாடசாலை விடுமுறையோடு ஒட்டிக் கொடுத்தால் வருவார்கள். எக்ஸ்றேயை ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் எடுக்க வேண்டும். குழாய் சற்றுச் சாய்ந்தாலே வேர் நீண்டதுபோலத் தெரியும், நீரும் ஏமாறுவீர். நிழல் மறைவது ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் தெரியும். சுவர் தடிப்பது ஒன்று, இரண்டு வருடம் எடுக்கும். கொப்புளம் திரும்பி வந்தாலோ, வேரின் பக்கத்தில் அரிப்புத் தெரிந்தாலோ காத்திருக்காமல் திறந்து திரும்பக் கழுவும். வேர் நீளாமலே எலும்பு கூடி ஈறு ஆறியிருந்தால் அந்தப் பல்லைத் தொடாதீர். அது பையனின் வாயில் வேலை செய்துகொண்டிருக்கிறது.

அன்புடன்,
உமது மூத்த வைத்தியர்