எண் இல்லாத ஆர்டர் அடுப்பேறக் கூடாது

அண்ணாச்சி, தீபாவளி முடிந்த மறுவாரம் உங்கள் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆர்டர் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "எக்செல் நல்லாத்தானே ஓடுது, எதுக்கு இன்னொரு செலவு?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. பலகாரக் கடை வைத்திருக்கும் பலரும் இதையேதான் கேட்கிறார்கள். அதனால் பதிலை இந்தப் பத்தியிலேயே எழுதுகிறேன்.

நம்பிக்கை: தேதி குழம்புகிறது, வரிசை கலைகிறது. அதனால் புது மென்பொருள் வாங்க வேண்டும்.

உண்மை: இதற்காக வாங்க வேண்டாம். 12/10/2025 என்று அடித்த லட்டு ஆர்டர், அக்டோபரை மட்டும் வடிகட்டியபோது வரவில்லை அல்லவா? உங்கள் கணினி மாதத்தை முதலில் படிக்கும் அமைப்பில் இருக்கிறது. அதன் கணக்கில் அது டிசம்பர் 10. 18/10/2025 என்று அடித்தால், 18ஆவது மாதம் கிடையாது என்பதால் அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துவிடும். ஒரே பத்தியில் சில தேதிகள் வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான் கோளாறு. D பத்தியில் தேதி இருந்தால், பக்கத்துக் கட்டத்தில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
=ISNUMBER(D2)
```

TRUE என்றால் தேதி, FALSE என்றால் எழுத்து. இரண்டும் கலந்து வந்தால் TRUE காட்டுகிறவற்றிலும் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கக்கூடும். விண்டோஸில் வட்டார அமைப்பை இந்தியாவுக்கு மாற்றிவிட்டு, ஏற்கெனவே அடித்த தேதிகளைத் திரும்ப அடியுங்கள். காசு செலவில்லை.

நம்பிக்கை: ஆர்டர் என்பது ஷீட்டில் ஒரு வரி.

உண்மை: ஆர்டர் என்பது கொடுத்த வாக்கு. அது நாளுக்கு நாள் மாறும். ஷீட்டுக்குத் தெரிவது கடைசியாக அடித்த எண் மட்டும்தான். உங்களுக்கு நட்டம் வந்த இடம் இதுதான் என்பதால், நீங்கள் சொன்ன மில் ஆபீஸ் ஆர்டரை நாள் வாரியாகச் சொல்கிறேன்.

அக்டோபர் 9 அன்று போனில் 40 பாக்ஸ் சொன்னார்கள். ஒரு பாக்ஸுக்கு மைசூர்பாகு கால் கிலோ, மிக்சர் கால் கிலோ. ஆக மொத்தம் பத்துப் பத்து கிலோ. 18ஆம் தேதி வேண்டும் என்றார்கள். 13ஆம் தேதி காலை பட்டியல் அச்சாகி மாஸ்டர் கைக்குப் போனது. 14ஆம் தேதி திரும்பக் கூப்பிட்டு, 70 பாக்ஸ் ஆக்குங்கள், ஒரு நாள் முன்னதாக 17ஆம் தேதியே வேண்டும் என்றார்கள். கல்லாவில் இருந்த தம்பி ஷீட்டில் 40ஐ 70 ஆக்கினார், தேதியையும் மாற்றினார். அவர் வேலையை அவர் சரியாகவே செய்தார். ஆனால் மாஸ்டர் சுவரில் ஒட்டியிருந்த தாளில் 40 அப்படியே இருந்தது. மாஸ்டரும் தாளில் இருந்ததைத்தான் போட்டார்.

17ஆம் தேதி 30 பாக்ஸ் குறைந்தது. மைசூர்பாகு ஏழரை கிலோ, மிக்சர் ஏழரை கிலோ. மிக்சரைக் கடை முன்னால் இருந்த சரக்கிலிருந்து எடுத்துச் சமாளித்தீர்கள். மைசூர்பாகை இன்னொருவர் ஆர்டரிலிருந்து எடுத்தீர்கள். மறுநாள் அவர் வந்து நின்றார். இதில் யாரும் தவறான எண் எழுதவில்லை. மாறிய எண் சேர வேண்டிய கைக்குச் சேரவில்லை, அவ்வளவுதான்.

நல்ல ஆர்டர் முறையில் 40 என்பது அழியாது. 14ஆம் தேதி, இத்தனை மணிக்கு, இன்னார் 70 ஆக்கினார் என்று அதன் கீழே இன்னொரு பதிவு சேரும். பலகாரமும் எடையும் தனித்தனி வரியாக இருப்பதால் 17ஆம் தேதிக்கான மொத்த மைசூர்பாகு தானாகக் கூடும். பட்டியல் ஏற்கெனவே மாஸ்டருக்குப் போய்விட்டதால், கூடுதல் ஏழரை கிலோவும் மாறிய தேதியும் மட்டும் தனியாக எடுத்துக் காட்டப்படும்.

நம்பிக்கை: எல்லோரும் பார்க்கும் பொது ஷீட் போட்டால் இதுவே கிடைக்கும்.

உண்மை: பாதி கிடைக்கும். ஆளுக்கொரு பிரதி வைத்திருக்கும் தொல்லை தீரும். யார் எப்போது மாற்றினார் என்றுகூடத் தேடி எடுத்துவிடலாம். ஆனால் தேடினால்தான் தெரியும். கையில் பாகு ஒட்டிக்கொண்டு நிற்கும் மாஸ்டர் எதைத் தேடுவார்? அதோடு, உங்கள் ஷீட்டில் "மை.பா 10, மிக்சர் 10" என்று ஒரே கட்டத்துக்குள் எழுதியிருக்கிறது. பொதுவில் வைத்தாலும் அதை எந்தச் சூத்திரமும் லேசில் கூட்டித் தராது.

நம்பிக்கை: பில் போடும் மென்பொருள் இருக்கிறதே, அது போதும்.

உண்மை: பில் சரக்கு வெளியே போகும்போது போடுவது. ஆர்டர் சரக்கு உருவாவதற்கு முன்னால் எடுப்பது. நடுவில் இருக்கும் நாட்களைப் பில் பார்க்காது.

நம்பிக்கை: ஆள் நேரம் மிச்சமாகும். அதிலேயே செலவு வந்துவிடும்.

உண்மை: வராது. விற்க வருகிறவர் இப்படிச் சொன்னால் தாளில் போட்டுப் பாருங்கள். பருவத்துக்கு 400 ஆர்டர், ஒன்றுக்கு ஆறு நிமிடம் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 40 மணி நேரம். நாள் கூலி 600 ரூபாய், எட்டு மணி நேர வேலை என்றால் மிச்சம் 3,000 ரூபாய்தான். மாதம் 1,500 ரூபாய் வாடகை, அமைத்துக் கொடுக்க 12,000 ரூபாய் என்று ஒருவர் கேட்டால் முதல் வருடச் செலவு 30,000. இன்னும் 27,000 எங்கிருந்து வரும்?

தவறிப்போன ஆர்டர்களில் இருந்துதான் வர வேண்டும். போட்டு விற்காமல் நின்ற 30 கிலோவுக்கு, கிலோ 350 ரூபாய் அடக்கம் என்றால் 10,500 ரூபாய். அப்படி வருடத்துக்கு மூன்று தவிர்ந்தால் செலவு கட்டிவரும். என் எண்களை நம்ப வேண்டாம். போன வருடம் தவறிய ஆர்டர்களை நீங்களும் மாஸ்டரும் உட்கார்ந்து எண்ணுங்கள். ஒன்றோ இரண்டோ என்றால் ஷீட்டிலேயே இருங்கள். ஒரே ஆள் எழுதி, நாளுக்குப் பத்து ஆர்டருக்குள் வரும் கடைக்கும் ஷீட்டே போதும். உங்கள் கடையில் எழுதுவது மூன்று பேர். என்னோடு பேசும்போதே ஐந்து சம்பவம் சொன்னீர்கள். அதனால்தான் உங்களுக்கு வாங்கச் சொல்கிறேன்.

நம்பிக்கை: வாங்கி மாட்டினால் தவறு நின்றுவிடும்.

உண்மை: உள்ளே ஏறாத ஆர்டரை எந்த முறையும் அறியாது. சொந்தக்காரர் ஒருவர் கல்யாண வீட்டில் உங்களிடம் வாயால் சொன்ன பத்து கிலோ அதில் இருக்காது. வாங்கும் முன் அந்த மில் ஆர்டரையே விற்பவரிடம் கொடுத்து, 40ஐ 70 ஆக்கி, தேதியை மாற்றி, மாஸ்டர் பட்டியலில் என்ன தெரிகிறது என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். மாற்றம் தெரியாமல் 70 மட்டும் தெரிந்தால், அது விலை கூடிய ஷீட். ஆர்டர்களையெல்லாம் எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள். நாளை பிடிக்காவிட்டால் வெளியே வர வழி வேண்டும்.

ஆடியில் தொடங்குங்கள். இரண்டு வாரம் ஷீட்டும் அதுவும் சேர்ந்து ஓடட்டும். தினமும் இரவு இரண்டின் கிலோக் கணக்கையும் ஒத்துப் பாருங்கள். ஆயுத பூஜை ஆர்டர்களில் பழகிவிட்டால் தீபாவளியைத் தாங்கும். மாஸ்டரிடம் ஒரே ஒரு விதி சொல்லிவையுங்கள்: ஆர்டர் எண் இல்லாமல் எதுவும் அடுப்பேறக் கூடாது. நீங்களே வந்து வாயால் சொன்னாலும், "எண் என்ன?" என்று அவர் கேட்க வேண்டும். நீங்கள் கோபப்படாமல் கல்லாவுக்குத் திரும்பிப் போய் அதைப் பதிய வேண்டும்.