கண் ஏன் தூங்கியது?
(வேலையில் சலிப்பைக் குறைத்தல் – ஒரு கதையும் பாடமும்)

ஒரே வேலையை நாள் முழுவதும் செய்பவர் சலிப்படைந்தால் அதைச் சோம்பல் என்று சொல்லிவிடுகிறோம். பல வேளைகளில் குறை வேலையின் அமைப்பிலேயே இருக்கிறது. இதை விளக்க ஒரு கற்பனைக் கதையைத் தருகிறோம்.

கதை

நியூசிலாந்தின் வட தீவில் தே புக்கே என்னும் ஊரைச் சுற்றிக் கிவிப் பழத் தோட்டங்கள் நிறைய உள்ளன. அங்கே ஒரு பொதியிடல் நிலையத்தில் டேவிட் என்ற இளைஞன் மேற்பார்வையாளனாகச் சேர்ந்தான்.

தோட்டத்திலிருந்து வரும் பழங்கள் ஓடும் மேசையில் கொட்டப்படும். இரு பக்கமும் நிற்கும் பெண்கள் வெயிலில் வெந்தவை, உருக்குலைந்தவை, காயப்பட்டவை ஆகியவற்றைப் பொறுக்கி நீக்குவார்கள். பின்னர் இயந்திரம் பழங்களை நிறை பார்த்துப் பிரிக்கும். கடைசியில் நிற்பவர்கள் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ கொள்ளும் பெட்டிகளில் அவற்றை அடுக்குவார்கள்.

மதியத்திற்குப் பின் காயப்பட்ட பழங்கள் பல தப்பிச் சென்றன. இது சிறிய தவறு அல்ல. காயப்பட்ட பழம் எத்திலீன் என்னும் வாயுவைக் கூடுதலாக வெளிவிடும். குளிரறையில் அருகிலுள்ள நல்ல பழங்களும் அதனால் முன்னதாகவே கனிந்துவிடும். பெட்டிகளைத் திறந்து மறுபடியும் அடுக்க வேண்டிவரும்.

டேவிட் மூத்த தொழிலாளியான ஒரு பெண்ணிடம் காரணம் கேட்டான். "இந்தப் பழம் யாருடையது, எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. நான் பிழை விட்டேனா இல்லையா என்றும் ஒருவரும் சொல்வதில்லை. கை வேலை செய்கிறது, கண் தூங்குகிறது" என்றார் அவர்.

டேவிட் முதலில் ஒவ்வொரு மணித்தியாலமும் ஆட்களை இடம் மாற்றினான். கழுத்து நோவு குறைந்தது. சலிப்பு சில நாட்களில் திரும்பி வந்தது. அடுத்து, பழம் பொறுக்குவோருக்கு வெற்றுப் பெட்டி மடிக்கும் வேலையையும் கொடுத்தான். அதே பெண் சிரித்தார்: "முன்பு ஒரு சலிப்பான வேலை இருந்தது. நீர் இப்போது இரண்டாக்கிவிட்டீர்!"

மூன்றாம் முறை அவன் முகாமையாளரின் அனுமதியுடன் ஒரு வரிசையை எட்டுப் பேரிடம் ஒப்படைத்தான். ஒரு தோட்டக்காரரின் பழம் முழுவதும், கொட்டுவது முதல் அடுக்குவது வரை, அவர்களுடைய பொறுப்பு. பழுது கூடினால் கேளாமலே மேசையை நிறுத்தலாம். மணிக்கொரு முறை தங்கள் பெட்டிகளில் சிலவற்றைத் தாங்களே திறந்து பரிசோதித்துப் பலகையில் எழுத வேண்டும். குளிரறையின் அறிக்கையும் நேராக அவர்களுக்கே வரும்.

முதற் கிழமை பெட்டிகளின் எண்ணிக்கை குறைந்தது. தன் வேலை போய்விடுமோ என்று தரப் பரிசோதகர் கோபித்தார்; குழுவுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை டேவிட் அவரிடம் கொடுத்தான். இருவர் பழைய வேலையே போதும் என்றார்கள். அவர்களை வற்புறுத்தாமல் வேறு வரிசைக்கு அனுப்பி, விரும்பிய இருவரைச் சேர்த்தான். மேசை நின்ற போதெல்லாம் ஓடிச் சென்று தலையிடாமல் இருப்பதுதான் அவனுக்குக் கடினமாக இருந்தது.

மூன்றாம் கிழமை ஒரு தோட்டத்தின் பழங்களில் புதிய கீறல்கள் இருப்பதைக் குழுவினர் கண்டார்கள். மேசையை நிறுத்தித் தோட்டக்காரருக்குச் செய்தி அனுப்பினார்கள். பழம் பறிப்பவர்கள் சிலர் கையுறை அணியாததே காரணம் என்று தெரிந்தது. மறுநாள் கீறல் குறைந்தது. அந்த வரிசையிலிருந்து திரும்பி வந்த பெட்டிகளும் வரவரக் குறைந்தன.

பாடம்

டேவிட் முதலில் செய்தது வேலைச் சுழற்சி. இரண்டாவது வேலையை விரித்தல். அதே மட்டத்தில் இன்னொரு வேலை கூடியதே தவிர, சிந்திக்கவோ தீர்மானிக்கவோ இடம் கிடைக்கவில்லை. மூன்றாவதுதான் வேலையை வளப்படுத்தல். மேற்பார்வையாளரிடமிருந்த திட்டமிடல், பரிசோதனை, தீர்மானம் ஆகியவற்றில் ஒரு பங்கு வேலை செய்பவரின் கைக்கு வருகிறது. அமெரிக்க உளவியலாளர் பிரடரிக் ஹேர்ஸ்பேர்க் 1968இல் எழுதிய கட்டுரையொன்றில் இவ்வேறுபாட்டை வலியுறுத்தினார்.

வளப்படுத்தல் பலிக்கிறதா என்பதை எப்படி அறிவது? பொறுப்புப் பெற்றவர்கள் கேள்வி கேட்கவும் காரணம் தேடவும் தொடங்குவார்கள். கீறலின் காரணத்தைக் குழு தேடியது அதற்கு அடையாளம். தீர்மானத்தை வாயால் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் மேலிடத்தில் கேட்க வைத்தால் அது வளப்படுத்தல் ஆகாது.

இதற்கு எல்லையும் உண்டு. குறைந்த சம்பளம், ஓய்வின்மை, நெடுநேரம் நிற்கும் கால்நோவு ஆகியவற்றுக்கு இது மருந்தல்ல. அவற்றைத் தீர்க்காமல் பொறுப்பை மட்டும் கூட்டினால், தொழிலாளர் அதை ஒரு தந்திரமாகவே காண்பார்கள். பொறுப்புக் கூடினால் சம்பளத்தையும் கூட்டும்படி கேட்பது நியாயமே.

கலந்துரையாட

1. பெட்டி மடிக்கும் வேலையைக் கூட்டியும் சலிப்பு ஏன் தீரவில்லை?
2. தரப் பரிசோதகரை டேவிட் ஒதுக்கிவிட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?
3. நீங்கள் கூட்டாகச் செய்யும் வேலையொன்றில், செய்பவருக்குத் தெரியாமல் வேறொருவர் தீர்மானிப்பவை எவை? அவற்றில் எதை அவரிடமே விடலாம்?