இரு முனையையும் ஒப்பிடும் ரிலே எப்படி வந்தது?

கேள்வி: மின் லைனின் இரு முனைகளிலும் ஓடும் மின்னோட்டத்தை ஒப்பிட்டுப் பழுதைக் கண்டுபிடிக்கும் முறையை முதலில் யோசித்தவர் யார்?
*பொறியியல் மாணவி, சேலம்*

இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள நியூகாசில் நகரில் பணியாற்றிய சார்லஸ் மெர்ஸ், பெர்னார்ட் பிரைஸ் என்ற இரு பொறியாளர்கள்தான். 1904-ஆம் ஆண்டைச் சேர்ந்த அவர்களுடைய காப்புரிமையில் இந்த யோசனை இருக்கிறது. இன்றைக்கும் பாடநூல்களில் அதற்கு மெர்ஸ்-பிரைஸ் முறை என்றே பெயர்.

அவர்களுக்கு முன்பிருந்த வழி, மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிப்பது. ஒரே ஒரு கேபிள் ஒரே ஒரு ஊருக்குப் போகும்போது அது போதும். பல மின்நிலையங்களையும் துணை மின்நிலையங்களையும் கேபிள்களால் பின்னி ஒரே வலையாக்கினால் போதாது. ஓரிடத்தில் பழுது என்றால் சுற்றியுள்ள எல்லாக் கேபிள்களிலும் மின்னோட்டம் ஏறிவிடும். எது பழுதானது, எது பழுதுக்கு மின்சாரம் கொண்டுபோவது என்று ரிலேவுக்குத் தெரியாது.

மெர்ஸும் பிரைஸும் அளவைப் பார்ப்பதை விட்டுவிட்டு வித்தியாசத்தைப் பார்த்தார்கள். ஒரு முனையில் நுழையும் மின்னோட்டம் மறுமுனையில் அப்படியே வெளியேறினால், அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நடுவில் பழுது இல்லை. இரண்டும் பொருந்தாவிட்டால் பழுது உள்ளேதான். 1845-இல் கிர்க்காஃப் சொன்ன விதியின் நேரடிப் பயன் இது. இரு முனைகளிலும் ஒரே மாதிரியான கரண்ட் டிரான்ஸ்பார்மர், அதாவது சி.டி. வைத்து, அவற்றைப் பைலட் வயர் என்ற மெல்லிய கம்பிகளால் இணைத்தார்கள். லைன் நலமாக இருக்கும்வரை இரு பக்கத்து மின்னழுத்தங்களும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும். கம்பியில் எதுவும் ஓடாது. உள்ளே பழுது வந்தால் சமநிலை குலைந்து கம்பியில் மின்னோட்டம் ஓடி, ரிலே இழுக்கும்.

கேள்வி: டிஸ்டன்ஸ் ரிலே இருக்கும்போது இதற்கு என்ன தேவை?

லைன் நீளமாக இருந்தால் டிஸ்டன்ஸ் ரிலே நன்றாகவே வேலை செய்யும். லைன் குட்டையாக இருக்கும்போதுதான் சங்கடம்.

நம்மூர் 230 கிலோவோல்ட் லைன் ஒன்று 6 கிலோமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 0.4 ஓம் என்றால் முழு லைனுக்கும் 2.4 ஓம்தான். உடனடியாகத் துண்டிக்கும் முதல் மண்டலத்தை வழக்கப்படி 80 சதவீதத்துக்கு வைத்தால் 1.9 ஓம். பழுதான இடத்தில் எரியும் மின்வில்லின் தடையும் கோபுரத்தின் தரையிணைப்புத் தடையும் சேர்ந்தாலே இதைவிட அதிகமாகிவிடக்கூடும். அந்த மண்டலத்தின் எல்லைக்கு அரை ஓம் அப்பால் இருப்பது அடுத்த துணை மின்நிலையம். அந்த அரை ஓமை ரிலே நம்பகமாகப் பிரித்தறிய முடியாது. தவறினால் பக்கத்து லைனின் பழுதுக்கு இந்த லைன் விழும். அல்லது சொந்தப் பழுதை இரண்டாம் மண்டலத்துக்கு விட்டுவிட்டு மூன்றில் ஒரு நொடிக்கு மேல் காத்திருக்கும்.

அவ்வளவு காத்திருக்க அனுமதியில்லை. மத்திய மின்சார ஆணையத்தின் 2010 விதிகள் 220 கிலோவோல்ட் லைனில் பழுதை 160 மில்லி நொடிக்குள்ளும், 400 கிலோவோல்ட்டில் 100 மில்லி நொடிக்குள்ளும் விலக்கச் சொல்கின்றன. டிஃபரன்ஷியல் ரிலேவுக்கு ஓம் கணக்கே வேண்டாம். லைன் 6 கிலோமீட்டரோ 60 கிலோமீட்டரோ, அது பார்ப்பது இரு முனைகளின் வித்தியாசத்தை மட்டும்தான்.

கேள்வி: பைலட் வயர் போய் ஒளியிழை வந்துவிட்டதே, இனி தவறே வராதா?

பைலட் வயர் சில பத்து கிலோமீட்டருக்குள் அடங்கியது. பழுதின்போது பக்கத்து லைனிலிருந்து அதில் மின்னழுத்தம் தூண்டப்படும். ஒளியிழை இந்த இரண்டு தொல்லைகளையும் தீர்த்தது. இன்று ஒவ்வொரு முனை ரிலேவும் தன் மின்னோட்டத்தை எண்களாக்கி, பெரும்பாலும் 64 கிலோபிட் வழியில் மறுமுனைக்கு அனுப்புகிறது. அதே செய்தியிலேயே "நீயும் துண்டி" என்ற இன்டர்டிரிப் கட்டளையும் போகும். பிரேக்கர் திறக்காமல் நின்றுவிட்டால் மறுமுனையைத் திறக்கவைப்பது இந்தக் கட்டளைதான்.

ஆனால் கம்பியில் இல்லாத ஒரு சிக்கல் இங்கே பிறந்தது: நேரம். மறுமுனையின் எண் வந்து சேர்வதற்குள் இங்கே மின்னோட்டம் மாறியிருக்கும். அதனால் ஒரு செய்தி போய்த் திரும்பும் நேரத்தை ரிலே அளந்து, அதில் பாதியைப் பயண நேரமாக எடுத்துக்கொள்கிறது. போக்கும் வரவும் சமம் என்பது இதிலுள்ள நம்பிக்கை.

அந்த நம்பிக்கை எப்படி உடைகிறது என்று மேலே சொன்ன 6 கிலோமீட்டர் லைனிலேயே பார்ப்போம். செய்தி நேர் இழையில் போகாமல் தகவல் தொடர்பு வளையம் ஒன்றின் மல்டிபிளெக்ஸர்கள் வழியாகப் போகிறது. ஒருநாள் வளையத்தில் ஒரு திசை மட்டும் அறுந்து, வரும் பாதை சுற்றுவழிக்கு மாறுகிறது. போக 1 மில்லி நொடி, வர 6 மில்லி நொடி. மொத்தம் 7, ரிலே பயண நேரமாகக் கொள்வது 3.5. பிழை 2.5 மில்லி நொடி. 50 ஹெர்ட்ஸில் ஒரு சுற்று 20 மில்லி நொடி என்பதால் இது 45 டிகிரி. அப்போது நலமான லைனிலும் சுமை மின்னோட்டத்தில் 77 சதவீதம் பொய்யான வித்தியாசமாகத் தெரியும்.

ரிலேவைத் துண்டிக்கவைக்கும் எல்லையை 200 ஆம்பியர் மற்றும் சுமையில் 30 சதவீதம் என்று அமைத்திருப்பதாகக் கொள்வோம். சுமை 300 ஆம்பியராக இருந்தால் எல்லை 290, பொய் வித்தியாசம் 230. லைன் நிற்கும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. மாலையில் சுமை 600-ஐத் தொட்டால் எல்லை 380, பொய் வித்தியாசம் 459. மழையோ இடியோ இல்லாமல் இரு முனைகளிலும் லைன் விழும்; ரோந்து போனவர்களுக்குக் கோபுரத்தில் ஒரு கீறல்கூடக் கிடைக்காது. பாதை மாறியது காலையில், லைன் விழுந்தது மாலையில் என்பதால் இரண்டையும் யாரும் உடனே சேர்த்துப் பார்ப்பதில்லை.

அடையாளம் முன்பே ரிலேவின் திரையில் இருக்கும். குட்டை லைனில் வித்தியாச மின்னோட்டம் ஏறக்குறைய சுழியாக இருக்க வேண்டும். மூன்று பேஸிலும் ஒரே அளவு வித்தியாசம் தெரிந்து, சுமை ஏற ஏற அதுவும் ஏறினால் பெரும்பாலும் சந்தேகம் பாதை நேரத்தின் மேல்தான். ஒரு பேஸில் மட்டும் என்றால் அந்தப் பேஸின் சி.டி. சுற்றைப் பாருங்கள். பயண நேரப் பதிவு திடீரென ஒரு படி தாவியிருந்தால் சந்தேகம் உறுதி.

மருந்து எளிது. இவ்வளவு குட்டையான லைனில், கோபுர உச்சியின் தரைக் கம்பிக்குள் போகும் ஒளியிழைகளில் ஒரு ஜோடியை ரிலேவுக்கே ஒதுக்கி, நடுவில் மல்டிபிளெக்ஸர் இல்லாமல் நேராக இணைத்துவிட வேண்டும். வளையம் வழியேதான் போக வேண்டுமென்றால், இரு திசையும் சேர்ந்தே மாறும்படி வளையத்தை அமைக்க வேண்டும். செயற்கைக்கோள் கடிகாரத்தால் இரு முனைகளையும் ஒத்திசைக்கும் ரிலேக்களும் உண்டு. அந்தச் சமிக்ஞை தவறினால் என்ன செய்யும் என்பதையும் அமைப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

தொடர்பு முழுதும் அறுந்தால் டிஃபரன்ஷியல் தானாக ஒதுங்கிவிடும். அப்போது காப்பது டிஸ்டன்ஸ் ரிலே. குட்டை லைனில் அதன் முதல் மண்டலத்தை நம்பாமல், இரு முனைகளும் லைனைத் தாண்டிப் பார்த்து ஒன்றுக்கொன்று அனுமதி அனுப்பும் முறையில் வைப்பார்கள். அந்த அனுமதிச் செய்தியும் அதே இழையில் போனால் ஒரே அறுப்பில் இரண்டு வேகக் காப்பும் போய்விடும். அதற்கு வேறு பாதை கட்டாயம்.

துணை மின்நிலையத்தில் பணிபுரியும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தகவல் தொடர்புப் பிரிவினர் வளையத்தில் வேலை செய்துவிட்டுப் போன அன்று, சுமை உச்சத்தில் இருக்கும்போது வித்தியாச மின்னோட்டத்தை ஒருமுறை படித்துக் குறித்துவையுங்கள்.