ஜெர்சியை விற்று எருமை வாங்கலாமா?

கேள்வி: இரண்டு ஜெர்சி கலப்பினப் பசு வைத்திருக்கிறேன். சித்திரை, வைகாசியில் மூச்சு வாங்குகின்றன, பாலும் பாதியாகிவிடுகிறது. எருமை நம்ம ஊர் வெயிலைத் தாங்கும், வைக்கோலே போதும், ஃபேட்டும் அதிகம் என்கிறார்கள். ஒரு பசுவை விற்று எருமை வாங்கலாமா? வைக்கோல் நிறைய இருக்கிறது, போர் தண்ணீரும் உண்டு. பால் சொசைட்டிக்குத்தான் போகிறது.
– ஒரு வாசகர், மணப்பாறை அருகே

பதில்: உங்களுக்குச் சொன்னவர் மூன்று சொல்லியிருக்கிறார். முதலாவது தவறு, இரண்டாவது பாதி சரி, மூன்றாவது சரிதான், ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

எருமை வெயிலைத் தாங்காது. கருப்புத் தோல், மேலே முடியும் குறைவு, பசுவைவிட வியர்வைச் சுரப்பிகளும் மிகக் குறைவு. மதிய வெயிலில் கட்டிப்போட்டால் அதன் உடம்பு பசுவைவிடச் சீக்கிரம் சூடாகும். ஆனால் தண்ணீரில் இறக்கினாலோ நிழலில் நனைத்தாலோ சீக்கிரம் குளிர்ந்தும்விடும். அது குட்டையில் கிடப்பது சோம்பலால் இல்லை. அதற்கு வியர்வையே அதுதான். வெயில் தாங்கும் மாடு வேண்டுமென்றால் காங்கேயம் போன்ற நாட்டு மாடுகளைச் சொல்ல வேண்டும், அவற்றின் கறவை உங்களுக்குக் கட்டுமா என்பது வேறு விஷயம்.

குட்டை இல்லாவிட்டால் வேப்ப மரத்தடியில் கட்டி, பதினொரு மணியிலிருந்து நான்கு மணிக்குள் மூன்று நான்கு முறை ஹோஸ் பைப்பால் முதுகு நனைய அடியுங்கள். போதுமா என்று அறிய விலாவைப் பாருங்கள். நிமிடத்துக்கு அறுபது தடவைக்கு மேல் ஏறி இறங்கினால் போதவில்லை. இதை உங்கள் ஜெர்சிக்கும் இன்றே செய்து பாருங்கள். விற்கும் யோசனையே மாறலாம்.

வெயிலின் பெரிய நஷ்டம் பாலில் அல்ல, சினையில். கோடையில் எருமை பருவத்துக்கு வந்தாலும் காட்டிக்கொள்ளாது. பசு போல ஓயாமல் கத்தாது, தாவாது. பெரும்பாலும் இரவிலோ விடிகாலையிலோ வந்து போய்விடும். நாலு மணிக்கு எழுந்து பின்புறம் கண்ணாடி போன்ற வழும்பு தெரிகிறதா, அடிக்கடி சிறுநீர் விடுகிறதா என்று பார்ப்பவருக்குத்தான் சினை ஊசி போட நேரம் கிடைக்கும். பசுவுக்குச் சினை ஒன்பது மாதம் பத்து நாள் என்றால் எருமைக்குப் பத்து மாதம் பத்து நாள். இரண்டு பருவம் தவறினால் தீவனம் தின்றுகொண்டு வற்றி நிற்கும் நாள்கள் கூடிவிடும்.

வைக்கோல் விஷயத்துக்கு வருவோம். முரட்டுத் தீனியைப் பசுவைவிட எருமை நன்றாகச் செரிக்கும், உண்மை. அதற்காக வைக்கோலே பாலாகிவிடாது. 450 கிலோ எடையுள்ள, 5 லிட்டர் கறக்கும் எருமைக்கு நாளைக்கு வைக்கோல் 6 கிலோ, கோ-4 போன்ற பசும்புல் 20 கிலோ, அதோடு அடர்தீவனம் மூன்றரை கிலோ வேண்டும். அடர்தீவனத்தில் ஒரு கிலோ உடம்புக்கு, மீதி இரண்டு லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் பாலுக்கு. பசுவுக்கு இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ போதும். 8 லிட்டர் ஜெர்சிக்கு கிட்டத்தட்ட நாலே கால் கிலோ வரும், வைக்கோல் பாதி போதும். கெட்டிப் பாலுக்குள் கூடுதல் தீனி இருக்கிறது. எருமையால் உங்களிடம் இருக்கும் வைக்கோல் பயன்படும், அவ்வளவுதான், பிண்ணாக்குச் செலவு பெரிதாகக் குறையாது.

இனி பால். எருமைப் பால் 7 சதம் கொழுப்பு என்று வையுங்கள். 5 லிட்டரில் 350 கிராம். ஜெர்சி 4 சதம் என்றால் 8 லிட்டரில் 320 கிராம். கிட்டத்தட்ட சமம். எஸ்.என்.எஃப். எருமைக்கு 9 சதம், 5 லிட்டரில் 450 கிராம். பசுவுக்கு எட்டரை சதம், 8 லிட்டரில் 680 கிராம். ஆக, இரண்டையும் எடை போட்டு விலை தரும் சொசைட்டியில் உங்கள் பசு தோற்றுவிடவில்லை. எருமைப் பாலுக்குத் தனி விலை உண்டா என்று முதலில் கேளுங்கள். டீக்கடைக்கோ, தயிர், நெய்யாகவோ நேரே விற்க வழியிருந்தால்தான் எருமை முந்தும். வெள்ளையாக இருக்கிறதே என்று யாரும் குறை சொன்னால் கவலைப்படாதீர்கள், பசும்பாலுக்கு மஞ்சள் தரும் கரோட்டினை எருமை வைட்டமின் ஏ-யாக மாற்றிவிடுகிறது.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எருமை கன்றில்லாமல் பால் இறக்க அடம்பிடிக்கும். கன்றை முதலில் ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் பிடித்துக் கட்டிவிட்டுக் கடைசி வரை கறக்க வேண்டும். கடைசியாக வரும் பாலில்தான் கொழுப்பு மிக அதிகம். அதை மடியிலேயே விட்டுவிட்டால், சொசைட்டியில் ஃபேட் குறைகிறது என்று மெஷினைத் திட்டிக்கொண்டிருப்போம். கன்றின் பங்கை முன்கூட்டியே கணக்கில் வைத்துவிடுங்கள்.

என் யோசனை: இந்தக் கோடையில் இரண்டு பசுவையும் நனைத்துப் பாருங்கள். பிறகும் எருமை வேண்டுமென்றால் கார்த்திகை, மார்கழியில் வாங்குங்கள், கோடைக்குள் அது உங்களுக்குப் பழகிவிடும். வாங்குமுன் சந்தையில் காட்டும் மடியை நம்பாமல், விற்பவர் வீட்டில் மாலையும் மறுநாள் காலையும் நீங்களே நின்று கறந்து பாருங்கள். காலைப் பாலில் ஒரு பாட்டில் எடுத்து உங்கள் சொசைட்டியில் ஃபேட் பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.