பத்தைக் கட்டவும் வேண்டும், அவிழ்க்கவும் வேண்டும்

லிட்கத்தில் வீட்டு மேசையில் வைத்துப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கும் இளம் பெற்றோருக்கும், சனிக்கிழமைகளில் உதவ வரும் தம்பி தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். பத்தையும் ஒன்றையும் மாற்றிப் போடுகிற பிள்ளைகளோடு பல காலம் உட்கார்ந்து கற்றுக்கொண்டவை இவை.

1. சொல்லிக்கொடுப்பதற்கு முன், பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று பாருங்கள். பதினாறு குச்சிகளைப் பரப்பி எண்ணச் சொல்லுங்கள். தாளில் 16 என்று எழுதச் சொல்லுங்கள். 6ஐச் சுற்றி வட்டம் போட்டு, “இது எந்தக் குச்சிகள்? காட்டு” என்று கேளுங்கள். ஆறு குச்சிகளை ஒதுக்கிக் காட்டும். அடுத்து 1ஐச் சுற்றி வட்டம் போட்டு அதையே கேளுங்கள். பல பிள்ளைகள் ஒரே ஒரு குச்சியை எடுத்து நீட்டும். மீதி ஒன்பது குச்சி மேசையில் அநாதையாகக் கிடப்பது அதன் கண்ணில் படாது. கான்ஸ்டன்ஸ் கமீ என்ற கல்வியாளர் 1980களில் அமெரிக்கப் பிள்ளைகளிடம் நடத்திய சோதனை இது. இரண்டே நிமிடம் போதும். நூறு வரை தடையில்லாமல் ஒப்பிக்கிற பிள்ளையும் இதில் நின்றுவிடும். அதனால், எண்ணத் தெரிகிறதே என்று திருப்தியடைந்துவிடாதீர்கள்.

2. குச்சியைப் பிள்ளையே கட்டட்டும். ஐஸ் குச்சி நூறும் ரப்பர் பேண்டு பத்துப் பதினைந்தும் போதும். முன்கூட்டியே கட்டி வைத்த கட்டுகளைக் கொடுத்தால், அந்தக் கட்டு பிள்ளைக்கு இன்னொரு பொருள், அவ்வளவுதான். அதற்குள் பத்து இருக்கிறது என்பதை அது நம்மை நம்பி ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். தானே ஒன்று, இரண்டு என்று எண்ணி, பத்தாவது குச்சியையும் சேர்த்து ரப்பர் பேண்டைச் சுற்றும்போதுதான் ‘இது பத்து, இது ஒரு கட்டும்கூட’ என்பது கைவழியாக உள்ளே போகும். ஒன்பதில் கட்டினாலும் பதினொன்றில் கட்டினாலும் உடனே திருத்த வேண்டாம். இரண்டு கட்டுகளை அவிழ்த்துப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கச் சொல்லுங்கள், தானே கண்டுபிடிக்கும்.

3. பிள்ளைக்கு எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். இடமதிப்பு அட்டையில் இடப்பக்கம் பத்துகள், வலப்பக்கம் ஒன்றுகள். எதிரே இருந்து நீங்கள் வைத்தால் பிள்ளைக்கு எல்லாம் தலைகீழ். ஒரு பெரிய அட்டையின் நடுவில் கோடு போட்டு இரண்டு பத்தியாக்குங்கள். ஒவ்வொரு பத்தியின் அடியிலும் இலக்கச் சீட்டு வைக்க ஒரு கட்டம் விடுங்கள். குச்சி மேலே, இலக்கம் கீழே, இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

4. ‘ஃபோர்டீன்’ என்று சொன்னால் 41 என்று எழுதுகிற பிள்ளையை அலட்சியக்காரன் என்று நினைக்காதீர்கள். அதன் காதில் நாலுதான் முதலில் விழுகிறது, அதனால் நாலை முதலில் எழுதுகிறது. ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’ இரண்டையும் பிரித்துக் கேட்பதும் அதற்குக் கஷ்டம். இந்த இடத்தில் வீட்டுத் தமிழைப் பயன்படுத்துங்கள். பதினான்கு என்பதில் பத்து முன்னால், நான்கு பின்னால், எழுதுகிற வரிசையும் அதுவே. நம்மூரில் கூடப் படிக்கும் கொரியப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் தங்கள் மொழியில் ‘பத்து நாலு’ என்றுதான் சொல்கிறார்கள். கட்டைத் தொட்டு ‘பத்து’, உதிரிகளைத் தொட்டு ‘நாலு’ என்று சொல்லவைத்து, அதற்குப் பிறகு ஆங்கிலப் பெயரைச் சொல்லுங்கள். தமிழில் தொண்ணூறு மட்டும் குழப்பும். நூறு என்ற ஒலி அதில் இருப்பதால், அங்கே கட்டுகளை எண்ணிக் காட்டிவிடுங்கள்.

5. 27 + 5 என்ற ஒரே கணக்கோடு ஒரு முழு மாலை செலவழித்தாலும் வீணில்லை. முதலாம் வகுப்புப் பையன் ஒருவனோடு செய்தது இது. அட்டையில் இரண்டு கட்டு, ஏழு உதிரி. இன்னும் ஐந்து உதிரி போட்டான். கீழே பத்துகளில் 2, ஒன்றுகளில் 12 என்று எழுதி, “டூ ஹண்ட்ரட் ட்வெல்வ்” என்று வாசித்தான். பத்திக்குள் இருப்பதை ஒழுங்காக எண்ணித்தான் எழுதியிருந்தான். அதனால் ‘தப்பு’ என்று சொல்லவில்லை. எல்லாக் குச்சியையும் எண்ணச் சொன்னேன். 32 வந்தது. 212 குச்சி இந்தப் பையில் இருக்கிறதா என்று கேட்டேன். பையைப் பார்த்தான், சிரித்தான். அதற்குப் பிறகுதான் விதியைச் சொன்னேன்: ஒன்றுகள் வீட்டில் ஒன்பது பேர்தான் இருக்கலாம், பத்தாவது ஆள் வந்தால் எல்லோரும் கட்டாகிப் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும். பத்து உதிரியைக் கட்டி, கோட்டைத் தாண்டித் தானே நகர்த்தினான். மூன்று கட்டு, இரண்டு உதிரி. சீட்டை 3, 2 என்று மாற்றினான். நோட்டில் 2க்கு மேலே போடுகிற சின்ன 1, அவன் அப்போது நகர்த்திய அந்தக் கட்டுதான். அதை எழுதிய கையோடு சொல்லிவிட வேண்டும்.

அதே அமர்வில் திரும்பி வாருங்கள்: 32 – 5. இரண்டு உதிரியிலிருந்து ஐந்தை எடுக்க முடியாது. ஐந்திலிருந்து இரண்டைக் கழித்து 33 என்று சொல்கிற பிள்ளைகள் ஏராளம். ஒரு கட்டை எடுத்து, கோட்டைத் தாண்டி வலப்பக்கம் கொண்டுவந்து, அங்கே அவிழ்க்கச் சொல்லுங்கள். இப்போது இரண்டு கட்டு, பன்னிரண்டு உதிரி. கழிப்பதற்கு முன் நிறுத்தி, “இப்ப மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். பிள்ளை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினால், அவிழ்த்ததில் எதுவும் கூடவோ குறையவோ இல்லை என்பது இன்னும் பிடிபடவில்லை. எண்ணாமல் முப்பத்திரண்டு என்று சொல்கிற நாள் வரைக்கும் கட்டுவதும் அவிழ்ப்பதும் தொடரட்டும்.

6. அட்டையே பிள்ளையை ஏமாற்றும். சில வாரத்தில் இடப்பக்கம் எத்தனை, வலப்பக்கம் எத்தனை என்று பார்த்து எழுதினாலே விடை சரியாக வருவதை அது கண்டுகொள்ளும். குச்சியை யோசிக்கவே யோசிக்காது. அட்டையை எடுத்துவிட்டு, வெறும் மேசையில் இடப்பக்கம் ஐந்து உதிரி, வலப்பக்கம் இரண்டு கட்டு வைத்துக் கேளுங்கள். 25 என்று சொன்னால் குச்சியைப் பார்க்கிறது. 52 என்று சொன்னால் இடத்தை மட்டும் பார்க்கிறது. கட்டு எங்கே கிடந்தாலும் பத்துதான், ஆனால் இலக்கத்துக்கு இடம்தான் மதிப்பைத் தருகிறது. இந்த வேறுபாடு தெளிய நாளாகும்.

7. பள்ளியில் கொடுக்கிற மரக் கட்டைகளுக்கும் பிளாஸ்டிக் கட்டைகளுக்கும் அவசரப்பட வேண்டாம். ‘எம்.ஏ.பி’ என்று பிள்ளைகள் சொல்வது அவற்றைத்தான். 1960களில் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சோல்டன் டீன்ஸ் வடிவமைத்தவை. நல்ல கருவிதான். ஆனால் பத்தின் நீளக் கட்டையை உடைக்க முடியாது, பத்துச் சின்னக் கட்டைகளோடு மாற்றிக்கொள்ளத்தான் முடியும். அவிழ்த்துப் பழகிய பிள்ளைக்குத்தான் அந்த மாற்றம் புரியும். பத்துக் குச்சிக் கட்டுகளைச் சேர்த்து நூறாகக் கட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள். ஆயிரத்தைக் குச்சியில் கட்டிக் காட்டுவது சிரமம், அங்கே அந்தக் கட்டைகள்தான் கை கொடுக்கும்.

8. காசை இன்னும் பின்னால் கொண்டுவாருங்கள். இங்கே ஒரு சென்ட் நாணயம் 1990களின் தொடக்கத்திலேயே புழக்கத்திலிருந்து போய்விட்டது, அதனால் பத்து சென்டை ஒன்றுகளாகச் சில்லறை மாற்றிக் காட்ட முடியாது. இரண்டு டாலர் நாணயம் ஒரு டாலரைவிடச் சின்னது, அளவை வைத்து மதிப்பைப் பார்க்கிற வயதில் அதுவும் குழப்பும். பத்து டாலர் நோட்டும் ஒரு டாலர் நாணயங்களும் மட்டும் போதும். 27ஐயும் 32ஐயும் அவற்றால் வைக்கச் சொல்லி, குச்சியில் செய்ததையே செய்யச் சொல்லுங்கள். ஒரு டாலர் பத்துச் சேர்ந்ததும் கேட்காமலே நோட்டாக மாற்றிக்கொண்டால், குச்சிப் பையை மூடி வைக்கலாம்.